பில் எண் 47 பாக்கி: மூன்று கடிதங்கள்

மதுரை, 21.7.2025

அன்புள்ள அண்ணாச்சிக்கு, வணக்கம்.

ஆடி வியாபாரம் நன்றாகப் போகும் என்று நம்புகிறேன். ஜூன் 12 அன்று நெல்லைக் கடையில் இறக்கிய 240 சுங்குடிச் சேலைகளுக்கு, ஜிஎஸ்டி சேர்த்து ரூ.1,31,040 பில். முன்பணம் 40,000 போக ரூ.91,040 நிற்கிறது. பேசிய 30 நாள் கெடு ஜூலை 12-ல் முடிந்துவிட்டது. கடைக் கூட்டத்தில் விட்டுப்போயிருக்கும். பில் நகல் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
சேலைத் தயாரிப்பாளர், தெற்கு மாசி வீதி


மதுரை, 18.8.2025

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

முந்தைய கடிதத்துக்குப் பதில் இல்லை. போனில் கேட்டபோது, "ஆடித் தள்ளுபடி முடியட்டும்" என்றீர்கள். சரி என்று இருந்தேன். ஆடியும் முடிந்துவிட்டது, ரூ.91,040 அப்படியே இருக்கிறது.

முடிச்சுப் போடும் பெண்களுக்குச் சனிக்கிழமை தோறும் கூலி எண்ணி வைக்க வேண்டும். "கடைக்காரர் தரவில்லை" என்று அவர்களிடம் சொல்ல முடியாது. சாயப்பட்டறைக்கும் கையிலிருந்துதான் கொடுத்திருக்கிறேன். சாயம் இறங்கியதாக நீங்கள் சொன்ன இரண்டு சேலைகளை அந்த வாரமே மாற்றிக் கொடுத்தோம், அதனால் சரக்கில் பேச்சு எதுவும் பாக்கியில்லை.

ஆகஸ்ட் 28-க்குள் முழுத் தொகையும் வர வேண்டும். அதுவரை நீங்கள் கேட்ட தீபாவளிச் சரக்குக்குத் துணி எடுக்கப் போவதில்லை. இன்னொன்று: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், நீங்கள் எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவான ஐடிசி-யை வட்டியோடு திருப்பிக் கட்ட நேரும். உங்கள் ஆடிட்டரையே கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
சேலைத் தயாரிப்பாளர், தெற்கு மாசி வீதி


மதுரை, 15.9.2025
ஸ்பீடு போஸ்ட் வழியாக

ஐயா,

பொருள்: பில் எண் 47, நிலுவை ரூ.91,040 – இறுதி அறிவிப்பு

இரண்டு கடிதங்களுக்கும் பதிலில்லை, பணமும் வரவில்லை. சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் எந்த ஆட்சேபமும் நீங்கள் தெரிவிக்கவில்லை.

எங்கள் தொழில் உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டப்படி, பேசிய கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதம் மாதம் கூட்டுவட்டியாகச் சேரும். இன்றைய 5.75 சதவீதத்துக்கு அது ஆண்டுக்கு 17.25 சதவீதம், மாதம் ஏறத்தாழ ரூ.1,300. ஜூலை 13 முதல் இது ஏறிக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 25-க்குள் அசல் முழுவதும் கணக்கில் வந்தால் வட்டியை விட்டுவிடுகிறேன். வராவிட்டால், சட்டத்தின் 18-ஆம் பிரிவின்கீழ் வசதியாக்கக் கவுன்சிலில் அசலுக்கும் வட்டிக்கும் சேர்த்து மனு போடுவேன். பில், டெலிவரி சலான், லாரி ரசீது, முன்பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கோப்பில் தயாராக உள்ளன. இனி தவணை பேச்சுக்கும் போன் பேச்சுக்கும் இடமில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சேலைத் தயாரிப்பாளர், தெற்கு மாசி வீதி, மதுரை

இணைப்பு: பில் நகல், டெலிவரி சலான் நகல், உத்யம் சான்றிதழ் நகல்