ஒரு தூண் போனால்: ஆறுமாடி அலுவலகக் கட்டடச் சரிபார்ப்புக் குறிப்பு

கட்டடம் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் வருகிறது. தளம் 45 × 30 மீ., தூண் இடைவெளி இருபுறமும் 7.5 மீ. பீம் கிடையாது, 250 மி.மீ. ஃபிளாட் ஸ்லாப், எம்30 கான்கிரீட், 500 மி.மீ. சதுரத் தூண்கள். தளத்தைத் தூண்களோடு கட்டிப்பிடிக்கும் டை கம்பி எவ்வளவு இழுவிசை தாங்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 456-இல் எண் இல்லாததால் யூரோகோட் 1991-1-7-ஐ எடுத்துக்கொண்டோம். 1968-இல் லண்டனில் ரோனன் பாயிண்ட் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒரு மூலை சரிந்த பிறகுதான் இந்த மாதிரி விதிகள் வந்தன.

சுமை. நிலைச்சுமை 8, அலுவலகச் சுமை 4-இல் பாதி. மொத்தம் 10 கி.நியூ./ச.மீ. உள்தூண் ஒன்று போனால் அதன் மேலுள்ள நான்கு பேனல்கள், அதாவது 225 ச.மீ., ஆட்டம் காணும். விதி அனுமதிக்கும் சரிவு தளத்தில் 15% அல்லது 100 ச.மீ., எது குறைவோ அது. ஆகவே, விழட்டும் என்று விட முடியாது. சுமைக்கு மாற்று வழி வேண்டும்.

டை கம்பி. உள் டை விசை Ti = 0.8 × 10 × 7.5 × 7.5 = 450 கி.நியூ. 500 கிரேடு கம்பியில் 900 ச.மி.மீ. போதும். விளிம்பு டை இதில் பாதி, 225. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடக் கூடாது. தூண் போன இடத்தில் தளத்துக்கு 562 கி.நியூ. தொங்குகிறது, நான்கு பக்கமும் 450 இழுத்தால் தளம் 2.3 மீட்டர் தொய்ந்தால்தான் சமன் ஆகும். அவ்வளவு தொய்வைக் கம்பி தாங்கும் என்று நம்ப முடியாது. தொய்வை 1.5 மீட்டரில் நிறுத்த 703 கி.நியூ. வேண்டும்: ஒவ்வொரு திசையிலும் 16 மி.மீ. கம்பி ஏழு. இதில் திடீர்ச்சுமை இரட்டிப்பையும் சேர்க்கவில்லை, பக்கத்துப் பேனல்களின் வளைவுத்திறனையும் எண்ணவில்லை.

கம்பிகள் அடிப்பகுதியில் ஓட வேண்டும், குறைந்தது மூன்று தூண் கூட்டுக்குள்ளேயே. தூண் ஸ்லாப்பைத் துளைத்துக்கொண்டு போகும் பஞ்சிங்கில் ஸ்லாப் கிழிந்தால் மேல்கம்பி கவரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அடிக்கம்பிதான் தளத்தைத் தூணில் தொங்கவிட்டுப் பிடிக்கும்.

பக்கத்துத் தூண்கள். எங்கள் கவலை உண்மையில் இங்கேதான். போன தூணின் 562 நான்காகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக சுமார் 140 கி.நியூ. திடீர்ச்சுமை என்பதால் இரட்டிப்பு. ஆக 562 + 280 = 842 கி.நியூ. தூணைச் சுற்றி பஞ்சிங் அழுத்தம் 1.41 எம்.பி.ஏ., எல்லை 1.37. சமனில்லாத வளைவுத் திருப்பத்தைச் சேர்க்கும் முன்பே தோற்கிறது. எல்லா உள்தூண்களிலும் ஸ்லாப்பின் அடியில் 100 மி.மீ. தடிப்பு கூட்டும் டிராப் பேனல் போட்டால் 0.84-க்கு இறங்குகிறது. உட்கூரை உயரம் குறையும் என்று கட்டடக்கலைஞர் வருத்தப்படுவார். இதில் விட்டுக்கொடுக்க வழியில்லை.

மூலைத்தூண். டை கம்பிக்கு அப்பால் பிடிமானம் இல்லாததால் தொங்கும் வழி இங்கே கிடைக்காது. வாகனப் பாதை ஓரமுள்ள தரைத்தளத் தூணை 34 கி.நியூ./ச.மீ. பக்க அழுத்தம் தாங்கும்படி முக்கிய உறுப்பாக வடிவமைத்துள்ளோம். 3.6 மீ. உயரத்துக்கு திருப்பம் 27.5 கி.நியூ.மீ. மட்டுமே, இருக்கும் கம்பி தாராளம்.

தூண் கம்பிகள் அடித்தளம் வரை தொடர்கின்றன, 25 மி.மீ. எட்டு, இழுவைத் தேவை 562-ஐ எளிதில் தாண்டுகிறது. வேலை நடக்கும் இடத்தில் பார்க்க வேண்டியது ஒன்று: டை கம்பி லேப்பைத் தூண் மேல் வைக்காமல், ஒரே இடத்தில் ஏழு கம்பியையும் சேர்க்காமல், மாற்றி மாற்றிப் போடுங்கள். கான்கிரீட் ஊற்றும் முன் புகைப்படம் அனுப்பவும்.