விளைச்சல் 112.6% வந்ததற்கான விளக்கம்

சார், ஆஸ்பிரின் சோதனையில் 2 கிராம் சாலிசிலிக் அமிலம் எடுத்தேன், கணக்குப்படி அதிகபட்சம் 2.61 கிராம்தான் வரணும், எனக்கு 2.94 வந்துவிட்டது. கணக்கை இரண்டு தடவை பார்த்தேன், அதில் தப்பு இல்லைங்க.

முதல் காரணம் ஈரம். வடிகட்டி பத்து நிமிடத்திலேயே எடை போட்டுவிட்டேன். அன்றைக்குப் பொள்ளாச்சியில் காலையிலிருந்தே ஆடிச் சாரல், கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது, அதில் எங்கே காய்வது!

இரண்டாவது, உள்ளே சிக்கிய கரைப்பான். மறுபடிகமாக்கும்போது பொறுமையில்லாமல் சூடான கரைசலை நேராக ஐஸில் வைத்தேன், படிகம் வேகமாக வளர்ந்ததால் எத்தனாலும் தண்ணீரும் இடுக்குகளில் மாட்டிக்கொண்டன, மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. உருகுநிலையும் 126 முதல் 131 டிகிரி வரை இழுத்தது, சுத்தமானது 135-ஐ ஒட்டி உருகணும். ஃபெரிக் குளோரைடு போட்டதில் ஊதா நிறம் வரவில்லை, அதனால் மிச்ச சாலிசிலிக் அமிலத்தின் மேல் பழி போட முடியாது.

அப்புறம் பொடித்து, டெசிக்கேட்டரில் வைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை பார்த்தேன்: 2.13 கிராம், 81.6%. பழைய எண்ணை அடித்துவிடாமல் பக்கத்திலேயே இதையும் எழுதியிருக்கிறேன்.