எரிவாயு மானியம் வங்கிக் கணக்கில் வராதது குறித்து

பெறுநர்: மேலாளர் அவர்கள், சமையல் எரிவாயு விநியோக நிலையம்
பொருள்: உஜ்வாலா இணைப்புக்கு மானியம் வரவில்லை, நுகர்வோர் எண் 48213

ஐயா, வணக்கம்.

உஜ்வாலா திட்டத்தில் இணைப்பு வைத்திருக்கிறேன். 14.2 கிலோ சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் உண்டு. சிலிண்டர் வரும்போது முழு விலையையும் கொடுத்துத்தான் வாங்குகிறேன். ஆனால் ஜூன், ஆகஸ்ட், அக்டோபரில் வாங்கிய 3 சிலிண்டர்களுக்கும் மானியம் வரவில்லை. 900 ரூபாய் எங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை.

உங்கள் அலுவலகத்தில் கேட்டால், "பேங்க்ல போய்க் கேளுங்கம்மா" என்கிறார்கள். சரி என்று வங்கிக்கும் போனேன். ஆதார் இந்தக் கணக்கோடுதான் இணைந்திருக்கிறது என்று பார்த்துச் சொன்னார்கள். நூறு நாள் வேலைக் கூலியும் ஆதார் வழியாக இதே கணக்கில்தான் ஏறுகிறது. பாஸ்புக்கில் அந்த வரவுகளை வட்டமிட்டு நகல் வைத்திருக்கிறேன். அப்படியிருக்க, மானியம் மட்டும் ஏன் வரவில்லை?

என் இணைப்பில் ஆதார் எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா, கைரேகை வைத்துச் செய்த கேஒய்சி ஏறியிருக்கிறதா என்று உங்கள் கணினியில் பார்த்து எழுத்தில் சொல்லுங்கள். பணம் வேறு கணக்குக்குப் போயிருந்தால் வங்கியின் பெயரும் தேதியும் வேண்டும். அனுப்பவே இல்லையென்றால் 3 சிலிண்டருக்கும் சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1800-2333-555 என்ற எண்ணில் புகார் பதிவு செய்வேன். இந்தக் கடிதத்தின் நகலில் முத்திரையிட்டு, தேதி போட்டுக் கொடுக்கவும்.

இணைப்பு: 3 ரசீதுகள், பாஸ்புக் நகல்

இப்படிக்கு,
செல்வி
5.11.2025