அளைமறிபாப்பு

அந்தக் கட்டுரைக்கு ஒருவர் இருபதுக்கு ஆறு போட்டிருந்தார். இன்னொருவர் பதினெட்டு. எங்கள் கல்லூரி விதிப்படி இரண்டு திருத்தத்துக்கும் நடுவே பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தத் தாள் மாடரேஷன் கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். அந்தப் பருவத்தில் தமிழ்த் தாளில் அப்படி வந்தது ஒன்றே ஒன்றுதான். டம்மி நம்பர் 2217.

நவம்பர் மாதம். ஊட்டியில் காலை பதினோரு மணிக்கே அறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கற்பூர மரங்கள் பாதிக்கு மேல் பனியில் இல்லை. மேசையில் வர்க்கித் தட்டும் நான்கு டம்ளர் டீயும் இருந்தன. சேர்மன் அம்மா, தேவராஜ் ஐயா, கோவையிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் மலர்விழி அம்மா, அப்புறம் குறிப்பு எழுத நான். எனக்கு வேலை கிடைத்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது.

கேள்வி சாதாரணமானது. 'மலைவளம்' என்ற தலைப்பில் கட்டுரை வரைக. குறிப்புகள்: முன்னுரை, இயற்கை வளம், தொழில் வளம், சுற்றுலா, காக்கும் வழி, முடிவுரை. கட்டில் இருந்த தாள்களில் பெரும்பாலானவை 'மலைகளின் அரசி' என்று தொடங்கியிருந்தன. நானும் பள்ளியில் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

"ஐயா, நீங்களே முதலில் சொல்லுங்கள்" என்றார் சேர்மன் அம்மா.

தேவராஜ் ஐயா கம்பளிக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த மே மாதம் ஓய்வு. நன்னூலை அவரிடம் படித்தவர்கள் நீலகிரி முழுக்க ஆசிரியர்களாக இருக்கிறார்கள், நான் உட்பட.

"அம்மா, ஆறு உட்தலைப்பும் இருக்கிறது. ஆனால் தலைகீழாக இருக்கிறது. முடிவுரையில் தொடங்கி முன்னுரையில் முடிக்கிறான். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றத்தில் இது மயங்க வைத்தல். போதாததற்கு ஒன்பது எழுத்துப் பிழை. கொழுந்தை எல்லா இடத்திலும் கொளுந்து என்று எழுதியிருக்கிறான். நான் ஆறு போட்டதே இரக்கப்பட்டுத்தான்."

"கூறியது கூறலும் அதே பத்தில்தானே ஐயா இருக்கிறது?" என்றார் மலர்விழி அம்மா. "சென்று தேய்ந்து இறுதலும் இருக்கிறது. இந்தக் கட்டில் முக்கால்வாசி அந்த இரண்டும்தான். அவர்களுக்கெல்லாம் பதின்மூன்று, பதினான்கு போட்டிருக்கிறோம்."

"அவர்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதியவர்கள் அம்மா."

"இந்தப் பிள்ளை யோசித்து எழுதியிருக்கிறது."

சேர்மன் அம்மா கையைத் தூக்கினார். "தம்பி, தாளைப் படியுங்கள். முழுசாக. எல்லாரும் கேட்கட்டும்."

நாலரைப் பக்கம். கையெழுத்து சின்னது, சாய்வு இல்லாதது. நான் படிக்க ஆரம்பித்தேன்.

*முடிவுரை. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் டீ குடித்துவிட்டு டம்ளரை வைக்கிறார். அடியில் கொஞ்சம் தூள் ஒட்டியிருக்கிறது. அவருக்கு எல்லாம் முடிந்துவிட்டது. நாம் இனிமேல்தான் மலை ஏற வேண்டும்.*

அடுத்தது காக்கும் வழி. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்வதைச் சொல்லி, பாட்டில் வண்டிக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், மலை மேல் யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை என்று முடித்திருந்தான். பிறகு சுற்றுலா. அது நான்கே வரி.

*என் அம்மாவைக் கூடையோடு எத்தனையோ பேர் போட்டோ எடுத்திருக்கிறார்கள். சிரிக்கச் சொல்வார்கள். அம்மாவும் சிரிக்கும். எங்கள் வீட்டில் அம்மாவின் போட்டோ ஒன்றுதான் இருக்கிறது. ஆதார் அட்டையில்.*

தொழில் வளம்தான் நீளம். உலர்த்துவது, அரைப்பது, நிறம் மாறக் காத்திருப்பது, வறுப்பது, சலிப்பது என்று ஃபேக்டரிக்குள் நடப்பதையெல்லாம் பின்னாலிருந்து முன்னால் சொல்லிக்கொண்டே போய் எடை போடும் இடத்தில் நிற்கிறான்.

*ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் கொளுந்து வேண்டும். நாலு கிலோவுக்கு அம்மாவின் கை எத்தனை தடவை போய் வரும் என்று ஒருநாள் எண்ணினேன். எழுநூறில் மழை வந்துவிட்டது. மழை நாளில் இலையில் இருக்கும் தண்ணீருக்கு எடையில் கழிப்பார்கள். அம்மாவின் சேலையில் இருக்கும் தண்ணீருக்குக் கணக்கு இல்லை.*

இந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இயற்கை வளத்தில் பாட்டி வருகிறாள். 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள், அந்தக் கையெழுத்தில் என் பாட்டியின் பெயரும் இருந்தது, அவளுக்குத்தான் படிக்கத் தெரியாது என்று எழுதியிருந்தான். இலங்கைத் தோட்டத்திலிருந்து கிளம்பி, கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் பேர் பதிந்து, கோத்தகிரி பக்கம் அரசாங்கத் தோட்டத்துக்கு லாரியில் வந்து சேர்ந்தவள். அவளும் மற்றவர்களும் வைத்த செடிகளில்தான் அம்மா இன்றைக்கு இலை எடுக்கிறாள். கடைசியாக இது:

*முன்னுரை. அதற்கு முன்னால் இங்கே சோலை இருந்தது. சோலையைச் சுற்றிப் புல் இருந்தது. புல்லுக்குள் தண்ணீர் இருந்தது.*

அவ்வளவுதான். தாளை மேசையில் வைத்தேன்.

"நன்றாக எழுதவில்லை என்று நான் சொல்லவில்லை" என்றார் தேவராஜ் ஐயா. குரல் முன்பைவிடத் தணிந்திருந்தது. "மலர், நீங்கள் கோவைக்காரர். நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். என் அம்மாவும் இலை எடுத்தவள்தான். எங்கள் லைன் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். கட்டுரை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஒரு வாத்தியார் முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று போர்டில் எழுதிப் போட்டார். அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தேன். வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்கு அது மாடிப்படியின் கைப்பிடி. திறமைசாலி ஒருவன் கைப்பிடி இல்லாமல் ஏறிவிட்டான் என்று நாம் கைதட்டினால், அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறுகிற மற்ற பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?"

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவரிடம் மூன்று வருடம் படித்திருக்கிறேன். அவர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மலர்விழி அம்மா உடனே பதில் சொல்லவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்து, முதல் பக்கத்தின் மேல் ஓரத்தை அவரிடம் காட்டினார்.

"இதைப் பாருங்கள் ஐயா."

முதல் வரியில் 'முன்னுரை' என்று எழுதி அடித்திருந்தது. அதன் கீழே 'மலைகளின் அரசி என்று அழைக்கப்படும்' என்று பாதி வாக்கியம். அதுவும் அடித்திருந்தது. கிறுக்கவில்லை. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஒவ்வொன்றின் மேலும் ஒரே கோடு. அதன் பிறகு இரண்டு வரி இடைவெளி விட்டு 'முடிவுரை'.

"கைப்பிடி இந்தப் பிள்ளைக்கும் தெரியும். பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறது. விட்ட பிறகும் ஆறு தலைப்பில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. மயக்கத்தில் எழுதியவர் ஒன்றையாவது மறந்திருப்பாரே?"

ஐயா கண்ணாடியைத் தூக்கிவிட்டு அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனார். மறுபடி முதல் பக்கம். சேர்மன் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் கண்ணால் வேண்டாம் என்றேன். வகுப்பில் அவர் இப்படிப் புரட்டினால் ஏதோ வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

"தம்பி, பொருள்கோள் எத்தனை?"

"எட்டு ஐயா."

"சொல்."

வேலைக்கு வந்த பிறகும் அவர் முன்னால் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. "யாற்றுநீர், மொழிமாற்று, நிரல்நிறை, விற்பூட்டு, தாப்பிசை, அளைமறிபாப்பு..."

"நிறுத்து." டீ டம்ளரை நகர்த்தி வைத்தார். "மற்ற எல்லாரும் எழுதியது யாற்றுநீர். ஆறு போல நேராகப் போகிறது, அதில் தப்பில்லை. அளைமறிபாப்பு என்றால் என்ன? புற்றுக்குள் நுழைந்த பாம்பு உள்ளேயே மடங்கித் தலையை மேலே கொண்டுவருகிறது. செய்யுளின் கடைசிச் சொல் திரும்பி வந்து நடுவிலும் முதலிலும் நின்று பொருள் தர வேண்டும். இதில் கடைசியில் என்ன இருக்கிறது?"

"புல்லுக்குள் தண்ணீர் இருந்தது" என்றார் மலர்விழி அம்மா.

"நடுவில் சேலையில் சொட்டும் தண்ணீர். முதலில் டீ. மேட்டுப்பாளையத்துக்காரர் குடித்தது அந்தப் புல்லுக்குள் இருந்த தண்ணீரைத்தான்." ஐயா தாளை மூடினார். "நான் இதை மேலிருந்து கீழே படித்தேன். கடைசி வரிக்குப் போனபிறகு திரும்பி வரவில்லை. அது என் தப்பு."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் சேர்மன் அம்மா குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "அப்படியானால் பதினெட்டா ஐயா?"

"இல்லை. ஒன்பது பிழை ஒன்பது பிழைதான். கொளுந்து என்று எழுதினால் நாளைக்கு ஒரு போட்டித் தேர்வில் எவரும் பாட்டியின் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். மூன்று கழியுங்கள். பிழை ஒவ்வொன்றையும் சிவப்பில் வட்டம் போடுங்கள். மறுகூட்டலுக்கு நகல் வாங்கினால் அவன் கண்ணில் படட்டும்."

"அவனோ அவளோ" என்றார் மலர்விழி அம்மா.

"அவளாகவும் இருக்கலாம்" என்று ஒப்புக்கொண்டார் ஐயா.

இரண்டு கழிக்கலாம் என்று மலர்விழி அம்மா கேட்டுப் பார்த்தார். கொளுந்து ஒரே பிழைதான், ஆறு இடத்தில் வருவதால் ஆறாகாது என்றார். அதை ஐயா ஒத்துக்கொண்டார். எண்ணிப் பார்த்ததில் நாலு பிழை மிஞ்சியது. கடைசியில் பதினாறு. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

எழுந்துகொள்வோம் என்று நினைத்தேன். ஐயா எழவில்லை.

"இன்னொன்று. 2203ஐ எடுங்கள். நான் பதினொன்று போட்டது. இந்தத் தாளைப் படித்ததும் அது ஞாபகம் வருகிறது. முறைப்படி எழுதிய கட்டுரைதான், ஆனால் தொழில் வளத்தில் மூன்று வரி சொந்தமாக இருந்தது. பூண்டுத் தோட்டம் பற்றி. நான் அவசரத்தில் தாண்டிவிட்டேனோ என்று தோன்றுகிறது."

அந்தத் தாளில் வித்தியாசம் ஒன்றே மதிப்பெண். கூட்டத்துக்கு வர வேண்டியதே இல்லை. சேர்மன் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மலர்விழி அம்மாவுக்கு இரண்டு மணிக்கு மேட்டுப்பாளையம் பஸ். அவர்தான் முதலில் கட்டை அவிழ்த்தார்.

நான் குறிப்பேட்டில் 2217க்கு நேராக 'இறுதி மதிப்பெண் 16' என்று எழுதினேன். பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக அதில் 'கூட்டல் பிழை' என்றோ 'விடைக்குறிப்பின்படி' என்றோதான் வரும்.

"இதில் என்ன எழுதட்டும் ஐயா?"

அவர் 2203இலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "பொருள்கோள் என்று எழுது. அளைமறிபாப்பு. பா போடும்போது பார்த்துப் போடு, ப்பு விட்டுவிடாதே."

ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினேன்.