லைன் சூப்பர்வைசர் மீதான பாலியல் துன்புறுத்தல் புகார்: உள்ளகக் குழுவின் விசாரணை அறிக்கை

இரகசியம்
பெறுநர்: நிர்வாக இயக்குநர், பின்னலாடை ஏற்றுமதித் தொழிற்சாலை, திருப்பூர்
நாள்: 2025 ஏப்ரல் 17

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் (தடுத்தல், தடை செய்தல் மற்றும் தீர்வு) சட்டம், 2013-இன் 13-ஆம் பிரிவின்படி இந்த அறிக்கை தங்களிடம் அளிக்கப்படுகிறது. அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு புகார் அளித்தவர், எதிர்தரப்பினர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிப்பதால், அறிக்கை முழுவதிலும் அவர்கள் மனுதாரர், எதிர்மனுதாரர், சாட்சி என்றே குறிப்பிடப்படுகின்றனர். பெயர்ப்பட்டியல் தனி உறையில் முத்திரையிட்டு இணைக்கப்பட்டுள்ளது.

புகாரும் விசாரணை நடந்த விதமும்

மனுதாரர் செக்கிங் பிரிவில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிபவர். எதிர்மனுதாரர் அதே பிரிவின் லைன் சூப்பர்வைசர். மனுதாரரின் வேலை ஒதுக்கீடு, ஓவர்டைம் இரண்டையும் தீர்மானிப்பவர். 2025 பிப்ரவரி 20 அன்று பெறப்பட்ட புகாரில் நான்கு குற்றச்சாட்டுகள் உள்ளன. இரவு நேரங்களில் எதிர்மனுதாரர் தமக்கு வாட்ஸ்அப்பில் தகாத செய்திகளை அனுப்பினார் என்பது முதலாவது. பிப்ரவரி 13 மாலை லேபிள் ஸ்டோர் அறையில் தம்மைத் தொட்டார் என்பது இரண்டாவது. ஜனவரி மாதத்தில் மற்றவர்கள் முன்னிலையில் தம் உடலைப் பற்றிப் பேசினார் என்பது மூன்றாவது. இணங்க மறுத்ததால் தமக்கு ஓவர்டைம் கொடுக்காமல் நிறுத்தினார் என்பது நான்காவது.

பிப்ரவரி 24 அன்று புகாரின் நகல் எதிர்மனுதாரருக்கு வழங்கப்பட்டு, மார்ச் 5 அன்று அவரது எழுத்துப்பூர்வமான பதில் பெறப்பட்டது. மனுதாரரின் வேண்டுகோளை ஏற்று, 12-ஆம் பிரிவின்படி எதிர்மனுதாரர் பிப்ரவரி 24 முதல் பேக்கிங் பிரிவுக்கு மாற்றப்பட்டார். இடம் மாற வேண்டியவர் புகார் கொடுத்த பெண் அல்லர் என்பதில் குழு உறுதியாக இருந்தது. மார்ச் 10, 17, 24 ஆகிய நாள்களில் இரு தரப்பினரும் ஆறு சாட்சிகளும் விசாரிக்கப்பட்டனர். குறுக்கு விசாரணைக்கான கேள்விகள் எழுத்தில் பெறப்பட்டுக் குழுவின் வழியாகவே கேட்கப்பட்டன. மார்ச் 12 அன்று குழு சம்பவ இடத்தை நேரில் பார்வையிட்டது. முடிவுகளின் நகல் ஏப்ரல் 2 அன்று இரு தரப்புக்கும் தரப்பட்டு, எதிர்மனுதாரர் ஏப்ரல் 9 அன்று அளித்த ஆட்சேபம் பரிசீலிக்கப்பட்ட பின், ஏப்ரல் 11 அன்று விசாரணை நிறைவுற்றது. சட்டம் விதிக்கும் 90 நாள் வரம்புக்குள் இது முடிந்துள்ளது.

பின்பற்றப்பட்ட நிரூபண அளவுகோல்

குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றம் ஐயத்திற்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். இக்குழு குற்றவியல் நீதிமன்றம் அன்று. இங்கே பொருந்துவது, துறை விசாரணைகளிலும் உரிமையியல் வழக்குகளிலும் கைக்கொள்ளப்படும் அளவுகோல்: சான்றுகள் அனைத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, சம்பவம் நடந்திருப்பதற்கான வாய்ப்பு நடக்காமல் இருந்திருப்பதற்கான வாய்ப்பைவிட மேலோங்கி நிற்கிறதா என்பதே கேள்வி. சாட்சியச் சட்டத்தின் நுணுக்கமான விதிகள் இத்தகைய விசாரணையைக் கட்டுப்படுத்துவதில்லை என்று உச்ச நீதிமன்றம் அரியானா மாநிலம் எதிர் ரத்தன் சிங் வழக்கில் 1977-இலேயே கூறியுள்ளது. ஆயினும் ஒருவரின் பிழைப்பும் இன்னொருவரின் மானமும் இதில் அடங்கியிருப்பதால், வெறும் ஊகத்தையோ ஊர்ப்பேச்சையோ குழு சான்றாக ஏற்கவில்லை. ஒவ்வொரு குற்றச்சாட்டும் தனித்தனியே எடைபோடப்பட்டது. ஒன்று நிரூபணமானதால் மற்றதும் நிரூபணம் என்று கொள்ளப்படவில்லை.

முதல் குற்றச்சாட்டு: வாட்ஸ்அப் செய்திகள்

மனுதாரர் தம் கைப்பேசியைக் குழுவின் முன் திறந்து காட்டினார். ஜனவரி 18 முதல் பிப்ரவரி 12 வரை ஒன்பது இரவுகளில், பத்து மணிக்கு மேல், எதிர்மனுதாரரின் எண்ணிலிருந்து 31 செய்திகள் வந்துள்ளன. அந்த எண் தம்முடையதே என்றும், கைப்பேசியை வீட்டில் பலரும் எடுப்பதால் அனுப்பியவர் யாரென்று தெரியாது என்றும் எதிர்மனுதாரர் கூறினார். பிப்ரவரி 6 இரவு 10.14-க்கு வந்த செய்தி, மறுநாள் காலை நேவி புளூ லாட்டை முதலில் செக் செய்ய வேண்டும் என்கிறது. நான்கு நிமிடம் கழித்து அதே எண்ணிலிருந்து, "தூங்கிட்டியா? ஒரு போட்டோ அனுப்பு" என்று வந்திருக்கிறது. மறுநாள் எந்த லாட் முதலில் என்பது அன்று மாலை சூப்பர்வைசர்களுக்கு மட்டும் தெரிவிக்கப்பட்டது என்பதைத் தயாரிப்பு மேலாளர் உறுதிசெய்தார். அதை அறிந்து எழுதியவர் ஒருவரும், நான்கு நிமிடத்தில் போட்டோ கேட்டவர் வேறொருவரும் என்பதைக் குழுவால் ஏற்க இயலவில்லை. மனுதாரர் அன்று அனுப்பிய பதில், "அண்ணா, வேலை விஷயம் மட்டும் பேசுங்க" என்பதே. அதற்குப் பிறகும் நான்கு இரவுகளில் செய்திகள் வந்துள்ளன. குற்றச்சாட்டு நிரூபணமாகிறது.

இரண்டாம் குற்றச்சாட்டு: பிப்ரவரி 13 மாலை

இதைக் கண்ணால் கண்ட சாட்சி எவரும் இல்லை. ஸ்டோர் அறைக்குள் கேமரா இல்லை; வெளியே உள்ள நடைவழிக் கேமரா மட்டுமே இருக்கிறது. அதன் பதிவில் மனுதாரர் 7.42-க்கு உள்ளே செல்கிறார், 7.43-க்கு சூப்பர்வைசர்களின் சாம்பல் நிறச் சட்டை அணிந்த ஒருவர் பின்தொடர்கிறார். 7.46-க்கு மனுதாரர் வெறுங்கையுடன் வேகமாக வெளியேறுகிறார், 7.47-க்கு அந்த நபரும் வெளியே வருகிறார். முகம் தெரியவில்லை. தாம் 7.41-க்கே கைரேகை வைத்துவிட்டு வெளியேறிவிட்டதாகவும், பதிவில் இருப்பவர் தாம் அல்லர் என்றும் எதிர்மனுதாரர் தம் பதிலில் எழுதியிருந்தார். கைரேகை இயந்திரத்தின் பதிவும் 7.41 என்றே காட்டியதால், இக்கூற்று முதல் பார்வைக்கு வலுவானதாகவே தோன்றியது.

எனவே மார்ச் 12 அன்று குழு இரு கடிகாரங்களையும் ஒப்பிட்டது. கைரேகை இயந்திரத்தின் நேரம் உறுப்பினர்களின் கைப்பேசி நேரத்துடன் ஒத்திருந்தது. கேமராப் பதிவுப் பெட்டி ஏழு நிமிடம் முந்தி ஓடியது. சம்பவ நாளிலும் அந்த வேறுபாடு இருந்ததா என்பதை அறிய, அதே பெட்டியில் பதிவாகும் வாயில் கேமராவில் அன்று மாலை கைரேகை வைத்த நான்கு தொழிலாளர்களின் காட்சிகள் எடுத்துப் பார்க்கப்பட்டன. நான்கிலும் வேறுபாடு ஏழு நிமிடமே. அதே கேமராவில் எதிர்மனுதாரர் கைரேகை வைப்பது, முகம் தெளிவாகத் தெரியும் வகையில், 7.48-க்குப் பதிவாகியிருக்கிறது. அதாவது ஸ்டோரிலிருந்து ஒருவர் வெளியேறிய ஒரு நிமிடத்தில், ஏறத்தாழ 40 மீட்டர் தொலைவிலுள்ள வாயிலில், அதே சட்டையுடன் இவர் நிற்கிறார்.

இப்பதிவு மார்ச் 17 அன்று காட்டப்பட்டபோது, லேபிள் ரோல் எடுத்துத் தருவதற்காக உள்ளே சென்றிருக்கலாம் என்று எதிர்மனுதாரர் தம் நிலையை மாற்றிக்கொண்டார். ஸ்டோர் வழங்கல் நோட்டில் அன்று மாலை லேபிள் எதுவும் வழங்கப்படவில்லை. மறுநாள் காலை 9.10-க்கே வழங்கப்பட்டிருக்கிறது.

மனுதாரரின் கூற்றிலும் ஒரு வேறுபாடு உண்டு. புகாரில் தோளைத் தொட்டதாக மட்டும் உள்ளது. விசாரணையில் இடுப்பையும் பிடித்ததாகக் கூறினார். இது பின்னர் சேர்த்துச் சொன்னது என்ற எதிர்மனுதாரரின் ஆட்சேபம் கவனத்துடன் பார்க்கப்பட்டது. சம்பவம் நடந்த இருபது நிமிடத்திற்குள், 7.58-க்கு, மனுதாரர் தம் அக்காவுக்கு அனுப்பிய குரல் செய்தியைக் குழு கேட்டது. அழுகைக்கிடையே, "இடுப்புல கை வெச்சான்க்கா, தள்ளிவிட்டுட்டு ஓடியாந்துட்டேன்" என்கிறார். புகாரை எழுதிக் கொடுத்தவர் உடன் பணிபுரியும் ஆண் என்பதாலும், அவரிடம் முழுவதையும் சொல்லக் கூச்சமாக இருந்தது என்பதாலும் அது விடுபட்டது என்ற விளக்கம் இயல்பானதாகவே தோன்றுகிறது. தண்ணீர்த் தொட்டி அருகே மனுதாரர் அழுதுகொண்டிருந்ததைச் சாட்சி 2 பார்த்திருக்கிறார். இவை அனைத்தையும் சேர்த்துப் பார்க்கையில், தகாத முறையில் தொட்டதற்கான வாய்ப்பு தெளிவாக மேலோங்கி நிற்கிறது. குற்றச்சாட்டு நிரூபணமாகிறது.

மூன்றாம் குற்றச்சாட்டு: மற்றவர்கள் முன்னிலையில் பேச்சு

நாளும் நேரமும் குறிப்பிடப்படவில்லை. மூன்று சாட்சிகளில் இருவர் எதுவும் கேட்கவில்லை என்றனர். ஒருவர், சிரிப்புச் சத்தம் கேட்டதாகவும் மெஷின் ஓசையில் சொற்கள் புரியவில்லை என்றும் கூறினார். குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. சான்று போதவில்லை என்பதே இதன் பொருள். மனுதாரர் பொய் சொன்னார் என்பதன்று. தீய நோக்கத்துடன் அளிக்கப்படும் பொய்ப் புகார் பற்றிய 14-ஆம் பிரிவுக்கு இங்கே இடமில்லை.

நான்காம் குற்றச்சாட்டு: ஓவர்டைம் மறுப்பு

பிப்ரவரி 1 முதல் 13 வரையிலான 11 வேலை நாள்களில் மனுதாரர் 9 நாள் ஓவர்டைம் செய்துள்ளார். 14 முதல் 22 வரையிலான 8 வேலை நாள்களில் ஒரு நாள்கூட இல்லை. ஆர்டர் முடிந்ததால் ஓவர்டைம் குறைந்தது என்பது எதிர்மனுதாரரின் விளக்கம். குறைந்தது உண்மை; ஆனால் அதே மேசையின் மற்ற ஏழு பேருக்கும் 4 முதல் 6 நாள் வரை கிடைத்துள்ளது. பட்டியல் எதிர்மனுதாரரின் கையெழுத்தில் இருக்கிறது. குற்றச்சாட்டு நிரூபணமாகிறது.

பரிந்துரைகள்

எதிர்மனுதாரரின் செயல்களை நிறுவன நிலையாணைகளின்படி ஒழுங்கீனமாகக் கொண்டு, அவரை மேற்பார்வைப் பொறுப்பிலிருந்து நிரந்தரமாக நீக்கவும், இரண்டு ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்தவும், மனுதாரர் பணிபுரியும் கட்டடத்தில் அவருக்கு வேலை ஒதுக்காதிருக்கவும் குழு பெரும்பான்மையாகப் பரிந்துரைக்கிறது. வெளி உறுப்பினர் முடிவுகள் அனைத்திலும் உடன்பட்டாலும், அதிகாரத்தைக் கொண்டு பழிவாங்கியவரைப் பணிநீக்கம் செய்வதே தகும் என்று கருதுகிறார்; அவரது குறிப்பு இணைக்கப்பட்டுள்ளது. ஒன்பது ஆண்டு பணியில் இதற்குமுன் புகார் ஏதும் இல்லாததைப் பெரும்பான்மையினர் கருத்தில் கொண்டனர்.

15-ஆம் பிரிவின்படி, மன உளைச்சலுக்கு 30,000 ரூபாயும், இழந்த ஓவர்டைமுக்கு (4 நாள், நாளுக்கு 2 மணி நேரம், மணிக்கு இரட்டிப்பு விகிதத்தில் 120 ரூபாய்) 960 ரூபாயும் ஆக 30,960 ரூபாயை எதிர்மனுதாரரின் மாத ஊதியமான 24,000 ரூபாயிலிருந்து, மாதம் 5,160 ரூபாய் வீதம் ஆறு தவணைகளில் பிடித்து மனுதாரருக்கு வழங்க வேண்டும்.

பாரதிய நியாய சன்ஹிதாவின்கீழ்க் காவல் துறையில் புகார் அளிப்பது மனுதாரரின் விருப்பம். அவர் விரும்பினால் அதற்கு உதவுவது 19-ஆம் பிரிவின்படி நிறுவனத்தின் கடமை. அம்முடிவில் எவரும் அவரை எவ்வழியிலும் வற்புறுத்தக் கூடாது.

இந்த விசாரணையில் வெளிப்பட்ட குறைகளும் களையப்பட வேண்டும். ஓவர்டைம் பட்டியலை ஒரே ஒருவர் தயாரிக்கும் முறை, ஒரு பெண்ணின் வருமானத்தை ஒரு மனிதரின் கோபத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. இனி அது சுழற்சி முறையில் தயாரிக்கப்பட்டு, பணியாளர் அலுவலகத்தின் ஒப்புதலுடன் முந்தைய நாளே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். வேலைச் செய்திகள் நிறுவனத்தின் எண்ணிலிருந்து, இரவு எட்டு மணிக்குள், குழுச் செய்தியாகவே செல்ல வேண்டும். லேபிள் ஸ்டோரின் கதவில் கண்ணாடிப் பலகை பொருத்தி, மாலை ஆறு மணிக்குப் பின் ஸ்டோர் கீப்பர் இல்லாமல் அறையைத் திறக்காதிருக்க வேண்டும். கேமராப் பெட்டியின் நேரத்தை மாதம் ஒருமுறை சரிபார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். புகாரை எழுத உதவ, மனுதாரர் விரும்பும் பெண் ஒருவர் குழுவிலிருந்து உடனிருக்க வேண்டும்.

இப்பரிந்துரைகளின்மீது 60 நாள்களுக்குள் நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். இவற்றால் பாதிக்கப்படும் எத்தரப்பினரும் 18-ஆம் பிரிவின்படி 90 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அறிக்கையின் நகல்கள் இரு தரப்பினருக்கும் இன்றே வழங்கப்படுகின்றன.

(ஒப்பம்)
தலைமை அலுவலரும் உறுப்பினர்கள் மூவரும்
உள்ளகக் குழு