வெள்ளிக் கூட்டம்: செப்டம்பர் முதல் ஜனவரி முதல் வாரம் வரை கூட்டம் இல்லாத நாலு நாள்

குழு அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் வணக்கம். இன்று 2026 ஆகஸ்ட் 24, திங்கள்.

நம்ம கூட்டம் எப்பவும் போல வெள்ளிக்கிழமை சாயங்காலம் 4 மணி, அங்கன்வாடி பக்கத்துச் சமுதாயக் கூடம். கீழே உள்ள நாலு வெள்ளி மட்டும் கூட்டம் கிடையாது:

செப்டம்பர் 4, வெள்ளி – கிருஷ்ண ஜெயந்தி
அக்டோபர் 2, வெள்ளி – காந்தி ஜெயந்தி
டிசம்பர் 25, வெள்ளி – கிறிஸ்துமஸ்
2027 ஜனவரி 1, வெள்ளி – புத்தாண்டு

விட்ட நாளுக்குப் பதிலாக வியாழனோ சனியோ கூட்டம் வைக்க மாட்டோம். செப்டம்பர் 4-க்கு அப்புறம் கூடுவது செப்டம்பர் 11. அக்டோபர் 2-க்கு அப்புறம் அக்டோபர் 9. டிசம்பர் கடைசியில் ரெண்டு வெள்ளி சேர்ந்தாற்போல் போகிறது. டிசம்பர் 18 கூடினால் பிறகு ஜனவரி 8-ல்தான் பார்ப்போம். மற்ற எல்லா வெள்ளியும் கூட்டம் உண்டு.

போன வருஷம் நான் வியாழன் ராத்திரி "அடுத்த வெள்ளி கூட்டம் இல்லை" என்று மட்டும் போட்டுவிட்டேன். மறுநாள் என்று நினைத்துப் பாதிப் பேர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ரெண்டு பேர் கைப்பிள்ளையோடு வந்து, பூட்டின கூடத்துக்கு முன்னால் அஞ்சு மணி வரை மழையில் நின்றார்கள். அது என் தப்பு. அவர்கள் நின்ற நிலை இன்னும் மனசில் இருக்கிறது. இனி "அடுத்த வெள்ளி", "வர்ற வெள்ளி" என்ற பேச்சே வேண்டாம். யார் யாரிடம் சொன்னாலும் தேதியும் கிழமையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேறு கிழமையில் விடுமுறை வந்தால் வெள்ளிக் கூட்டம் மாறாது. சந்தேகம் வரக்கூடிய வாரங்களை மட்டும் சொல்கிறேன். இந்த வாரம் ஓணம் புதன்கிழமை; ஆகஸ்ட் 28 வெள்ளி கூட்டம் உண்டு. விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 14 திங்கள்; 11-ம் 18-ம் உண்டு. ஆயுத பூஜை, விஜயதசமி அக்டோபர் 19, 20, திங்களும் செவ்வாயும். 16-ம் 23-ம் உண்டு. தீபாவளி நவம்பர் 8 ஞாயிறு. நவம்பர் 6 உண்டு, பலகாரம் சுடுகிற நேரம்தான், ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3 வியாழன்; மறுநாள் டிசம்பர் 4 உண்டு.

மழைக்கு ஆட்சியர் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் அது பிள்ளைகளுக்கு மட்டும். மழையால் நம்ம கூட்டத்தை மாற்ற வேண்டி வந்தால் அன்று மதியம் 2 மணிக்குள் நானோ ஊக்குநர் அக்காவோ தனியாகச் சொல்வோம். சொல்லவில்லை என்றால் கூட்டம் உண்டு.

இனி பணம். சேமிப்பு வாரம் 50 ரூபாய் நிற்காது, விட்ட வாரத்துக்கும் சேர்த்துக் கொண்டுவரணும். செப்டம்பர் 11-லும் அக்டோபர் 9-லும் ஆளுக்கு 100 ரூபாய். ஜனவரி 8-ல் மூணு வாரத்துக்கு 150 ரூபாய்.

வங்கிக் கடன் தவணை இப்படித் தள்ள முடியாது. பத்தாம் தேதிக்குள் கட்டணும், மாசத்து முதல் வெள்ளியில் வாங்குவதுதான் நம்ம வழக்கம். விட்டுப்போகிற நாலில் மூணு, மாசத்து முதல் வெள்ளி. அதனால் செப்டம்பர் தவணையை ஆகஸ்ட் 28-லும், அக்டோபர் தவணையை செப்டம்பர் 25-லும், ஜனவரி தவணையை டிசம்பர் 18-லும் கொண்டுவாருங்கள். ஜனவரி 8 வரை பொறுக்க முடியாது: நாம் கூடி முடிக்கும்போது வங்கி அடைத்திருக்கும், 9 ரெண்டாம் சனி, 10 ஞாயிறு. டிசம்பரில் ரெண்டு தவணை, கூடவே கிறிஸ்துமஸ் செலவு என்றால் கஷ்டம்தான், தெரியும். முடியாதவர்கள் ஜனவரி 6 புதன் ராத்திரிக்குள் பொருளாளர் அக்கா வீட்டில் கொடுங்கள். அவர் வியாழன் காலையில் கட்டிவிடுவார்.

விட்ட நாலு நாளும் தீர்மானப் புத்தகத்தில் "அரசு விடுமுறை" என்று முன்கூட்டியே எழுதுகிறோம். யாருக்கும் வராத கணக்கு விழாது, பத்து ரூபாய் அபராதமும் இல்லை. தவறாமல் கூடுவது பஞ்ச சூத்திரத்தில் முதலாவது. நாளைக்கு வங்கி நம்ம புத்தகத்தைப் புரட்டினால் அந்த இடைவெளிக்குக் காரணம் அதிலேயே இருக்கணும்.

இப்பவே வீட்டுக் காலண்டரில் அந்த நாலு தேதியிலும் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போடுங்கள். வாட்ஸ்அப் இல்லாத மூணு அம்மாமாருக்கு நானே பெரிய எழுத்தில் எழுதி நாளைக்கு வீட்டில் கொண்டுகொடுக்கிறேன். இதைப் படித்தவர்கள் "சரி" என்று போடாமல், செப்டம்பரில் முதல் கூட்டம் எந்தத் தேதி என்று எழுதி அனுப்புங்கள். 4 என்று யாராவது அனுப்பினால் உடனே கூப்பிட்டுப் பேசுவேன்.

– குழுச் செயலாளர்