திரைக்குப் பின்னாடி என்ன இருக்கு தாத்தா?

(வீடியோ எழுத்துப் பிரதி. நீளம் சுமார் ஆறு நிமிடம். இடம்: வடலூருக்கு அருகே ஒரு கிராமத்து வீட்டுத் திண்ணை. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் மாலை. தாத்தாவுக்கு 74 வயது, பேத்திக்கு எட்டு. செல்போனில் படம் எடுப்பது பேத்தியின் அம்மா. பின்னணி இசை சேர்க்க வேண்டாம். மொச்சைக்காய் உடைகிற சத்தமே போதும்.)

[முதல் காட்சி: சாக்கின் மேல் குவித்த மொச்சைக்காய். தாத்தாவின் கைகள் மட்டும். கட்டைவிரல் நகம் காயின் முதுகில் இறங்க, கொட்டைகள் முறத்தில் விழுகின்றன.]

பேத்தி: தாத்தா, இவ்வளவும் நமக்கா?

தாத்தா: நமக்கு ஒரு குழம்புக்கு எடுத்து வெச்சாச்சு. மத்தது நாளைக்கு சாலைக்குக் கொண்டு போகணும்.

பேத்தி: சாலைன்னா ரோடா?

தாத்தா: (சிரிக்கிறார்) தருமச்சாலை கண்ணு. வடலூர்ல சோறு போடற இடம். போன வருஷம் பூசத்துக்கு வந்தியே, மறந்துட்டியா?

பேத்தி: அது ஞாபகம் இருக்கு. ஒரே கூட்டம். நீங்க தோள் மேல தூக்கிக்கிட்டீங்க. ஒவ்வொரு திரையா விலக்கினாங்க. கறுப்பு, நீலம், பச்சை… அப்புறம்?

தாத்தா: சிவப்பு, பொன், வெள்ளை. கடைசியில எல்லா நிறமும் கலந்தது ஒண்ணு. மொத்தம் ஏழு.

பேத்தி: ஏழும் விலக்கினா உள்ளே விளக்குதான் இருந்துச்சு. நான் சாமி இருக்கும்னு நெனைச்சேன்.

தாத்தா: ஏமாந்துட்டியா?

பேத்தி: கொஞ்சம்.

தாத்தா: நானும் முதல் தடவை அப்படித்தான் முழிச்சேன். சிலை எங்கேன்னு பக்கத்துல நின்னவரைக் கேட்டேன். "அதான் சாமி, பாரு"ன்னார். வள்ளலார் அந்தச் சபையைக் கட்டினது 1872-ல. ஒளியையே சாமியா கும்பிடச் சொன்னார்.

பேத்தி: அப்போ எதுக்கு ஏழு திரை? நேரா காட்ட வேண்டியதுதானே?

தாத்தா: நம்ம மனசுல இருக்கிற மறைப்புதான் திரைன்னு பெரியவங்க சொல்வாங்க. அது விலகினாத்தான் ஒளி தெரியுமாம். சரி, காயைப் பாத்து உடை. பாதிக் கொட்டை தோலோட போகுது பாரு.

[நெருக்கத்தில் பேத்தியின் கை. ஒரு காயைத் திறக்கிறாள். உள்ளே பச்சைப் புழு.]

பேத்தி: ஐய! புழு!

தாத்தா: போடாதே, போடாதே. இப்படிக் கொடு. (தோலோடு வாங்கி, எட்டி அவரைப் பந்தலின் இலை மேல் வைக்கிறார்.)

பேத்தி: அது நம்ம அவரையைத் தின்னுடுமே?

தாத்தா: தின்னா தின்னுட்டுப் போகுது. ஒரு புழு எவ்வளவு தின்னுடப் போகுது?

(குறிப்பு: இது திட்டமிட்டு எடுத்ததில்லை. அப்படியே இருக்கட்டும், வெட்ட வேண்டாம்.)

பேத்தி: தாத்தா, சபை வாசல்ல ஒரு பலகை இருந்துச்சு. புலை, கொலை தவிர்த்தவங்க மட்டும்தான் உள்ளே வரணும்னு. புலைன்னா கறி சாப்பிடறதுன்னு அம்மா சொன்னாங்க. நான் முட்டை சாப்பிடறேனே. சாமி கோவிச்சுக்குமா?

தாத்தா: (காயைக் கீழே வைக்கிறார்) யார் உன்னைக் கோவிச்சுக்கிட்டாங்க?

பேத்தி: யாரும் இல்ல. சும்மா பயமா இருந்துச்சு.

தாத்தா: உன் பாட்டி வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு நான் என்ன ஆட்டம் போடுவேன்னு உன் அம்மாவைக் கேளு. நாப்பது வயசு வரைக்கும் சாப்பிட்டவன்தான். அப்புறம் விட்டுட்டேன். யாரும் பயமுறுத்தி விடல. பயந்து விட்டா அது எத்தனை நாளைக்கு நிக்கும்? உனக்கா ஒரு நாள் தோணினா விடு, தோணலைன்னா பரவாயில்லை. ஆனா அந்தப் பலகை சபைக்கு மட்டும்தான். பக்கத்துலயே சாலை இருக்கில்ல, அங்கே அப்படி எதுவும் கேக்க மாட்டாங்க. பசிக்குதுன்னு வந்தா உக்கார வெச்சு சோறு போடுவாங்க.

பேத்தி: யார் வந்தாலுமா?

தாத்தா: நானே வந்தேனே. 1973-ல நெய்வேலியில சுரங்க வேலைக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு ஊர்லேருந்து கிளம்பினேன். அன்னைக்கு வேலை கிடைக்கல. திரும்பிப் போக பஸ்ஸுக்குக் காசு இல்லை. நடந்தே வடலூர் வந்தேன். வெயில்னா வெயில். சாலையில உக்காருன்னாங்க. என்ன ஊருன்னு கேக்கல, என்ன சாதின்னு கேக்கல. இலையைப் போட்டு சோறு, சாம்பார். இன்னொரு தரம் கேட்டேன், போட்டாங்க. மூணாவது தரம் கேக்க வெக்கமா இருந்துச்சு. பரிமாறினவர் நான் கேக்காமலே வந்து வெச்சுட்டுப் போனார்.

[சற்று நேரம் பேச்சில்லை. காய் உடையும் சத்தம். இந்த இடத்தைச் சுருக்க வேண்டாம்.]

பேத்தி: அந்த மாமா இப்போ எங்கே?

தாத்தா: தெரியலையே கண்ணு. பேரைக்கூடக் கேட்டு வெச்சுக்கல.

பேத்தி: வள்ளலார் தண்ணியில விளக்கு ஏத்தினாராமே? எங்க டீச்சர் தண்ணி ஊத்தினா நெருப்பு அணைஞ்சுடும்னாங்க.

தாத்தா: கருங்குழியில நடந்ததா சொல்வாங்க. நான் பாக்கல. டீச்சர் சொன்னதும் சரிதான். ஆனா ஒண்ணு நான் பாத்திருக்கேன். சாலை அடுப்பு. 1867-ல அவர் மூட்டினது. பார்வதிபுரத்து ஜனங்க எண்பது காணி நிலம் கொடுத்தாங்க, அந்த இடத்துல மூட்டினார். இன்னைக்கும் எரியுது.

பேத்தி: அணையவே இல்லையா? மழை பெஞ்சாக்கூடவா?

தாத்தா: யாராவது ஒருத்தர் விறகு தள்ளிக்கிட்டே இருக்காங்களே.

பேத்தி: அப்போ அது சாமி செய்யற வேலை இல்லை. மனுஷங்க செய்யற வேலை.

தாத்தா: (வாய்விட்டுச் சிரிக்கிறார். வெளியே பார்த்து) கேட்டியாம்மா உன் மகளை? (பேத்தியிடம்) நானும் அதைத்தான் ரொம்ப வருஷமா யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

பேத்தி: நான் ஒரு தடவை வேண்டிக்கிட்டேன். பரீட்சை அன்னைக்கு மழை பெய்யணும்னு. லீவு விடுவாங்கல்ல. பெய்யவே இல்லை.

தாத்தா: எப்போ, மார்கழிக் கடைசியில மேகம் கட்டுச்சே, அப்பவா?

பேத்தி: ஆமாம்.

தாத்தா: அடிப்பாவி! அன்னைக்கு நம்ம நெல்லு களத்துல கிடந்துச்சு. பெஞ்சுடக் கூடாதுன்னு நான் ராத்திரி பூரா வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

பேத்தி: (யோசிக்கிறாள்) அப்போ சாமி உங்க பக்கம்!

தாத்தா: அதெப்படி? பக்கத்து ஊர்ல அதே ராத்திரி ஊத்திடுச்சே. அவங்க நெல்லும் களத்துலதான் கிடந்துச்சு. அவங்க வேண்டிக்கலையா?

பேத்தி: அப்போ எதுக்கு வேண்டிக்கணும்?

தாத்தா: எனக்கு பயம் வந்தா யார்கிட்டயாவது சொல்லணும். நடு ராத்திரியில யாரை எழுப்ப? உன் பாட்டியை எழுப்பினா திட்டுவா. சாமி திட்டாது. சொல்லிட்டா மனசு கொஞ்சம் இறங்கும். அப்புறம் எழுந்து போய் நெல்லு மேல தார்ப்பாய் போட்டேன்.

பேத்தி: தார்ப்பாய் போட்டீங்களா? வேண்டிக்கிட்டுமா?

தாத்தா: பின்னே?

[பேத்தி சிரித்து முறத்தைத் தட்டிவிட, கொட்டைகள் திண்ணையில் உருள்கின்றன. இருவரும் குனிந்து பொறுக்குகிறார்கள்.]

பேத்தி: நாளைக்கு நானும் வரேன். ஆனா கூட்டத்துல விளக்கு பாக்க வேண்டாம். சாலையில பரிமாறணும்.

தாத்தா: உன் உயரத்துக்கு சாம்பார் வாளி தூக்க முடியாது. உப்பு வைக்கலாம். ஒவ்வொரு இலைக்கும் ஒரு சிட்டிகை, ஓரத்துல. கேட்டுப் பாக்கறேன், விடுவாங்க.

பேத்தி: யாராவது இன்னொரு தரம் கேட்டா?

தாத்தா: உப்பையா?

பேத்தி: ஆமாம்.

தாத்தா: வையேன். (நிமிர்ந்து கேமராவைப் பார்த்து) ஏம்மா, எடுத்தது போதும். நீயும் வந்து உக்காரு. இன்னும் அரை மூட்டை கிடக்கு.

[படம் ஆடுகிறது. அம்மாவின் கை ஒரு காயை எடுப்பது தெரிகிறது. திரை இருளும்போது பேத்தியின் குரல் மட்டும்: "அம்மா, புழு இருந்தா என்கிட்ட கொடு."]